ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு எழுதிய கடிதம்

2023 நவம்பர் 6, திங்கட்கிழமை. காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலையாக என் ஓய்வூதியத்துக்கான கடிதத்தை எழுதினேன். இதே கடிதத்தை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓட்டுநருக்கு, இரவுக் காவலருக்கு, ஒருமுறை என் மேலதிகாரிக்கே. பெயரும் தேதியும்தான் மாறும். ஆனால் அன்றைக்கு என் பெயரை எழுதிவிட்டு, 'அனுப்புநர்' என்ற சொல்லுக்குக் கீழே கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

1990 செப்டம்பர் 12 அன்று இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2024 மே 31 பிற்பகல் கண்காணிப்பாளராக ஓய்வு. இடையில் ஏழு அலுவலகம், நான்கு ஊர். பெரும்பாலும் பணியமைப்புப் பிரிவு. சம்பளப் பட்டியல், விடுப்பு, பணிப்பதிவேடு, ஓய்வூதியக் கருத்துரு எல்லாம் அங்கேதான். அதனால் ஓய்வு பெறப் போகிறவர்கள் இப்போதும் போனில் கேட்கிறார்கள்: "லெட்டர் எப்படிண்ணே எழுதணும்?" ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 1.4.2003க்கு முன் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கானது இது.

அந்தக் கடிதத்தை நான் இவ்வளவு கவனமாக எழுதியதற்கு ஓர் ஆள் காரணம். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்தில் ஓர் அலுவலக உதவியாளர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, பட்டு வேட்டி கொடுத்து, வீடு வரை போய் விட்டுவிட்டு வந்தோம். அவருடைய ஓய்வூதியம் வர பதினான்கு மாதம் ஆனது. பணிப்பதிவேட்டில் ஒரு வருடத்துக்கான பணி சரிபார்ப்புக் குறிப்பு இல்லை. அந்த ஒரு வரிக்காக, ஓய்வூதியத்துக்கு ஆணை வழங்குகிற மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து பதிவேடு திரும்பி வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அண்ணாச்சி வருவார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருவார். ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். "ஒண்ணும் வரலையா தம்பி" என்று மட்டும் கேட்பார். அப்போது அந்தப் பிரிவில் இருந்தவன் நான். அவர் ஓய்வு பெறும் மாதம் வரை அந்தப் பதிவேட்டை நான் முழுசாகப் புரட்டிப் பார்த்ததில்லை. கருத்துரு தாமதமானால் தற்காலிக ஓய்வூதியம் வழங்க விதியில் இடம் இருக்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. அந்தத் தவறில் என் பங்கும் உண்டு.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வயது முதிர்வு ஓய்வு என்பது நாம் கேட்டு வாங்குவது அல்ல. பிறந்த தேதிப்படி 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் அது தானாக நடக்கிறது. (மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவார்.) அதனால் கடிதத்தில் "எனக்கு ஓய்வு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத வேண்டியதில்லை. "பணியிலிருந்து விலகுகிறேன்" என்று எழுதவே கூடாது. விலகல் என்பது ராஜினாமா. ஓய்வூதிய விதிகளில் ராஜினாமா செய்தவருக்கு அதுவரை செய்த பணிக்காலம் பறிபோகும். வயது முதிர்வில் போகிறவர் அப்படி எழுதிவிட்டதால் மட்டும் யாரும் ஓய்வூதியத்தை நிறுத்திவிடப் போவதில்லைதான். ஆனால் கோப்பில் தவறான சொல் ஒன்று ஏறிவிட்டால், அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், பதில் கடிதம் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். ஒரு தட்டச்சர் அழகான தமிழில் "இப்பணியிலிருந்து விடைபெற்று விலகுகிறேன்" என்று எழுதிக் கொண்டுவந்தார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதச் சொன்னேன்.

நான் எழுதியது இது. பெயர்களையும் எண்களையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

அனுப்புநர்: (பெயர்), கண்காணிப்பாளர், (அலுவலகம்).
பெறுநர்: அலுவலகத் தலைவர், (அலுவலகம்).

ஐயா,

பொருள்: பணியமைப்பு – கண்காணிப்பாளர் – 31.5.2024 பிற்பகல் வயது முதிர்வின் காரணமாக ஓய்வு பெறுதல் – ஓய்வூதியக் கருத்துரு அனுப்புதல், பொது வருங்கால வைப்பு நிதி இறுதித் தொகை மற்றும் பணிச் சான்று வழங்குதல் – கோருதல் – தொடர்பாக.

நான் 12.9.1990 முற்பகல் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்து, தற்போது இவ்வலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்து வருகிறேன். 31.5.2024 பிற்பகல் வயது முதிர்வின் காரணமாக ஓய்வு பெற உள்ளேன்.

எனது ஓய்வூதியம், பணிக்கொடை மற்றும் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பெறுதல் ஆகியவற்றுக்கான படிவங்களைப் பூர்த்தி செய்து, கூட்டுப் புகைப்படம், மாதிரிக் கையொப்பங்கள், குடும்ப விவரம், வாரிசு நியமனம் ஆகியவற்றுடன் இணைத்துள்ளேன். பணிப்பதிவேட்டுடன் கருத்துருவை மாநிலக் கணக்காயருக்கு உரிய காலத்தில் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிப்பதிவேட்டில் 1.4.1998 முதல் 14.6.1998 வரையிலான காலத்துக்குப் பணி சரிபார்ப்புக் குறிப்பு இல்லை. அக்காலத்தில் நான் பணிபுரிந்த அலுவலகத்திடமிருந்து சான்று பெற்றுப் பதிய வேண்டுகிறேன்.

எனது வைப்பு நிதிக் கணக்கில் 1998 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கான வரவு விடுபட்டுள்ளது. அதற்கான விவரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. 2024 ஜனவரி ஊதியத்துடன் சந்தா பிடித்தத்தை நிறுத்தி, இறுதித் தொகைக்கான விண்ணப்பத்தை அனுப்பிவைக்கவும், விடுபட்ட வரவைச் சேர்க்க உரிய கடிதம் எழுதவும் வேண்டுகிறேன்.

ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, சிறப்பு சேமநல நிதித் தொகை ஆகியவற்றை ஓய்வு பெறும் நாளன்று வழங்கவும், பதவி வாரியாகப் பணிக்காலத்தைக் குறிப்பிட்டுப் பணிச் சான்று ஒன்றும், பணிப்பதிவேட்டின் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றும் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம். நன்றியுரை, பிரிவுரை எதுவும் இதில் சேர்க்கவில்லை. அது வழியனுப்பு விழாவில் பேச வேண்டியது. இந்தக் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிற காகிதம். படிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வாசிப்பிலேயே தெரிய வேண்டும்.

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரே அலுவலகம், ஒரே அறை, என் கீழேயே வேலை பார்க்கிற பெண்தான் அந்தக் கோப்பைக் கையாளப் போகிறார். இருந்தாலும் முத்திரை வாங்கினேன். பிறகு ஏதாவது தாமதம் வந்தால், கேட்டது எந்தத் தேதியில் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. கருத்துரு ஆறு மாதம் முன்னதாகவே மாநிலக் கணக்காயருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் நவம்பர் முதல் வாரத்தில் கொடுத்தேன். உண்மையில் அதற்கும் ஆறு மாதம் முன்பே பதிவேட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கடிதத்தில் கேட்டவை இரண்டு வேறு வாசல்களுக்குப் போகின்றன. பலருக்கும் குழப்பம் வருகிற இடம் இதுதான். ஓய்வூதியம், பணிக்கொடை, தொகுப்பு ஓய்வூதியம், வைப்பு நிதி ஆகியவை சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து ஆணையாக வர வேண்டும். அதிலும் ஓய்வூதியத்தைப் பார்க்கிற பிரிவு வேறு, வைப்பு நிதியைப் பார்க்கிற பிரிவு வேறு. ஒன்று வந்துவிட்டதால் மற்றதும் வந்துவிடும் என்று இருக்கக் கூடாது. விடுப்பு ஒப்படைப்பு, சிறப்பு சேமநல நிதி, பணிச் சான்று இவை நம் துறையிலேயே முடிகிறவை. சென்னையிலிருந்து எதுவும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலக் கணக்காயரை நாங்கள் ஏ.ஜி. என்போம். "எல்லாம் ஏ.ஜி.யிலிருந்து வரணும் சார்" என்று யாராவது சொன்னால், எது எங்கிருந்து என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதனால்தான் கடிதத்தில் அவற்றைத் தனிப் பத்திகளாகப் பிரித்து எழுதினேன்.

இனி 1998க்கு வருகிறேன். என் கதையில் சிக்கல் முழுக்க அந்த வருடத்தில்தான்.

பணிப்பதிவேட்டை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. அதைப் பார்த்த பிறகு, ஒரு வெள்ளைத்தாளில் சேர்ந்த நாள் முதல் இன்று வரை வருடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் பதிவேட்டில் "இக்காலத்துக்கான பணி, சம்பளப் பட்டியலைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரியும், அலுவலகத் தலைவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இருந்தால் டிக். ஒரு வரியின் முடிவுத் தேதிக்கு அடுத்த நாள்தான் அடுத்த வரியின் தொடக்கமாக இருக்க வேண்டும். மேலோட்டமாகப் புரட்டினால் ஓட்டை தெரியாது. வரிசையாக எழுதினால் உடனே தெரிந்துவிடும். எனக்கு 31.3.1998இல் ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி 15.6.1998இல் தொடங்கியது. நடுவில் இரண்டரை மாதம் காணவில்லை.

காரணம் யோசித்துப் பார்த்தால் எளிது. அந்த ஜூனில் எனக்கு இடமாறுதல். பழைய அலுவலகம் நிதியாண்டு முடிந்த கையோடு மார்ச் வரை சரிபார்த்துப் பதிந்துவிட்டது. ஏப்ரலிலிருந்து நான் விடுவிக்கப்பட்ட நாள் வரைக்கும் பதியாமலேயே பதிவேட்டை அனுப்பிவிட்டார்கள். புது அலுவலகம் நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்துதான் பதியும். அவர்களிடம் இருப்பது அவர்களுடைய சம்பளப் பட்டியல் மட்டும்தானே. நான் பார்த்த வரையில் சரிபார்ப்பு விடுபடுவது பெரும்பாலும் இடமாறுதல் நடந்த வருடத்தில்தான். பதிவேட்டைக் கையில் எடுத்தால் முதலில் அந்த வருடங்களைப் பாருங்கள்.

வைப்பு நிதியில் விடுபட்டதும் அதே இடமாறுதலால்தான். மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஆண்டுக் கணக்குத்தாளை எடுத்துப் பார்த்தால் மாத வாரியாக வரவு இருக்கும். வராத மாதங்களும் தெரியும். நான் வருடா வருடம் இறுதி இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய தாள்களை எல்லாம் தேடி எடுத்து வரிசையாக வைத்தபோதுதான் 1998இல் மூன்று மாதம் காலி என்பது கண்ணில் பட்டது.

பணம் பிடித்தது உண்மை. சம்பளத்தில் அந்த மூன்று மாதமும் குறைந்துதான் கையில் வந்தது. அப்படியானால் அது எங்கே போனது? ஒவ்வொரு மாதமும் சம்பளப் பட்டியலோடு வைப்பு நிதிக்கு ஓர் அட்டவணை இணைப்பார்கள், நாங்கள் ஷெட்யூல் என்போம். பெயர், கணக்கு எண், சந்தா, முன்பணத்துக்கான தவணை என்று வரிசையாக இருக்கும். கருவூலத்தில் பட்டியல் பணமான பிறகு, அந்த அட்டவணையை வைத்துத்தான் அவரவர் கணக்கில் வரவு ஏறும். அட்டவணை பட்டியலிலிருந்து கழன்று போனாலோ, எண் தவறானாலோ பணம் அரசுக் கணக்கில் இருக்கும். ஆனால் நம் கணக்கில் இருக்காது.

1998 ஜூனில் இடமாறுதலில் நான் போய்ச் சேர்ந்த அந்த அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். பதிவறைச் சாவி வைத்திருந்தவர் நல்ல மனிதர். இரண்டு சனிக்கிழமை எனக்காக வந்து திறந்துவிட்டார். சணல் கயிற்றில் கட்டிய மூட்டைகள். மேலே இருந்த மூட்டையில் பாதி செல்லரித்திருந்தது. 1998-99 மூட்டை தரையில் இல்லாமல் இரும்பு அலமாரியின் நடுத்தட்டில் இருந்ததால் பிழைத்தது. அலுவலக நகலை எடுத்து ஜூலை மாத அட்டவணையைப் பார்த்தேன். என் பெயர் சரி. தொகை சரி: சந்தா 500, முன்பணத் தவணை 300. கணக்கு எண்ணில் நடுவில் 47 வர வேண்டிய இடத்தில் 74 இருந்தது. எழுத்து எனக்குப் பழக்கமான எழுத்து. அவர் இப்போது உயிரோடு இல்லை. இடமாறுதலில் வந்த கடைசி ஊதியச் சான்றிலேயே அந்த எண் மாறியிருந்தது. அதைப் பார்த்து இவர் எழுதியிருக்கிறார். அக்டோபரில் யாரோ கவனித்து அடித்துச் சரி செய்திருக்கிறார்கள். முந்தைய மூன்று மாதத்துக்கு மட்டும் யாரும் எழுதவில்லை. எண்ணும் பெயரும் பொருந்தாததால் அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் நின்றுவிட்டது.

மாதம் 800 வீதம் மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாய். "இதுக்காகவா ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சீங்க" என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் வைப்பு நிதிக்கு அப்போது வட்டி 12 சதவீதம். பிறகு படிப்படியாகக் குறைந்து 2020 முதல் 7.1 சதவீதத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் வட்டி அசலோடு சேரும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கணக்குப் போட்டால் அந்த 2,400 பத்தொன்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. விடுபட்ட வரவு எப்போது சேர்ந்தாலும், உரிய மாதத்தில் சேர்ந்ததாகவே கொண்டு வட்டி போடுவார்கள். தொகை சிறிதாக இருந்தாலும் இது என் உழைப்பில் பிடித்த பணம்.

வரவைச் சேர்க்கக் கேட்கும் கடிதத்தோடு இணைத்த தனித்தாளில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து விவரம் எழுதினேன். கருவூலத்தின் பெயர், பட்டியல் பணமான தேதி, வவுச்சர் எண், பட்டியலின் மொத்தத் தொகையோடு அதில் வைப்பு நிதிக்காகப் பிடித்த மொத்தம், பிறகு என் பெயருக்கு நேரே இருந்த தொகை. கீழே எழுதப்பட்ட தவறான எண்ணும், இருக்க வேண்டிய சரியான எண்ணும். அலுவலகத் தலைவர் சான்றொப்பமிட்ட அட்டவணை நகலையும் வைத்தேன். வவுச்சர் எண்ணும் தேதியும் இல்லாமல் "1998இல் மூன்று மாதம் விடுபட்டுள்ளது, சேர்க்கவும்" என்று மட்டும் எழுதினால், விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே இருப்பவரும் லட்சக்கணக்கான வவுச்சர்களுக்கு நடுவே எதைத் தேடுவார், பாவம்.

அந்த இரண்டரை மாத சரிபார்ப்புக்கும் இதே மாதிரித் தாள்கள்தான் கைகொடுத்தன. இடமாறுதலுக்கு முன் இருந்த பழைய அலுவலகத்தில் அந்த வருட சம்பளப் பட்டியல் கிடைத்ததால் சான்று வாங்கிப் பதிந்துவிட்டோம். அதோடு, 1998 ஏப்ரல், மே மாதங்களுக்கு என் வைப்பு நிதிக் கணக்கில் வரவு இருந்ததைக் காட்டும் கணக்குத்தாளையும் துணைச் சான்றாக வைத்தேன். சம்பளம் வாங்கியிருந்தால்தானே சந்தா பிடித்திருக்க முடியும். பட்டியலே அழிந்து போனவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்தவர்களின் எழுத்து வாக்குமூலம், மற்ற ஆவணங்கள் இவற்றைக் கொண்டு அலுவலகத் தலைவர் அந்தக் காலத்தை ஏற்கலாம். ஆனால் கூட வேலை பார்த்தவர்கள் ஊரில், உயிரோடு, நினைவோடு இருக்க வேண்டுமே. அதனால்தான் இதை ஓய்வு பெறும் மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்கிறேன்.

என் கோப்பைக் கையாண்ட பெண் 2016இல் பணியில் சேர்ந்தவர். கருத்துருவைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு படிவத்தையும் என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தார். குடும்ப விவரப் படிவத்தில் நிறுத்தி, "சார், அம்மா பேர்ல இனிஷியல் மாறுதே" என்றார். என் மனைவியின் பெயர் பணிப்பதிவேட்டில் அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தோடு இருந்தது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் என் பெயரின் முதலெழுத்து. எத்தனையோ பேருக்கு இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், என் வீட்டுத் தாளில் கண்ணில் படவில்லை. நான் இருக்கும் வரை இதனால் எந்தத் தொல்லையும் வராது. நான் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவர் தனியாகக் கருவூலத்தில் போய் நிற்கும்போதுதான் "இது நீங்கதானாம்மா?" என்று கேட்பார்கள். பெயர் இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று வாங்கி, பதிவேட்டில் திருத்தம் பதிந்து, ஆதாரில் இருக்கிறபடியே படிவத்தை மாற்றி எழுதினோம்.

எல்லாம் முடித்துக் கோப்பைக் கட்டும்போது அந்தப் பெண் சொன்னார்: "எனக்கெல்லாம் இந்த மாதிரி ஒரு கருத்துருவே போட வேண்டியிருக்காது சார்." 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் அப்போது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார்கள். என் கருத்துருவை ஒரு பிழை இல்லாமல் தயார் செய்தவருக்கு அன்றைக்கு அப்படி ஒன்று இல்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "நீ நல்லா இருப்பம்மா" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கணக்கை வீட்டில் ஒரு மாலை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி அடிப்படை ஊதியம் 64,000. 30 வருடத் தகுதிப் பணி இருந்தால் முழு ஓய்வூதியம், அதாவது அதில் பாதி: 32,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, 10,666 ரூபாயைத் தொகுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். அதனால் மாதாமாதம் வருவது 21,334. அகவிலைப்படியை மட்டும், குறைந்த 21,334க்கு அல்லாமல் முழு 32,000க்குக் கணக்கிடுவார்கள். அப்போது 50 சதவீதம், எனவே 16,000. மொத்தம் 37,334. பணிக்கொடைக்கு ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 96,000. ஒவ்வோர் அரையாண்டுப் பணிக்கும் அதில் கால் பங்கு, அதிகபட்சம் 66 அரையாண்டு. 24,000 பெருக்கல் 66, ஆக 15,84,000.

"அந்தப் பத்தாயிரத்து அறுநூறு திரும்ப வருமா?" என்று கேட்டார். பதினைந்து வருடம் கழித்து முழு ஓய்வூதியம் மீண்டும் வரும் என்றேன். "அப்போ உங்களுக்கு எழுபத்தஞ்சு" என்றார். கையில் இருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியிலிருந்து வைப்பு நிதிப் பிடித்தம் இல்லை. ஓய்வுக்கு முந்தைய நான்கு மாதம் சந்தா பிடிக்கக் கூடாது. சில அலுவலகங்களில் மறந்துபோய்ப் பிடித்துவிடுவார்கள். பிறகு இறுதி இருப்புக் கணக்கில் அது ஒரு கூடுதல் இழுவை. பிடித்தம் நின்றதும் இறுதித் தொகைக்கான விண்ணப்பம் போனது. நிலுவையின்மைச் சான்று, தணிக்கைத் தடை இல்லை என்ற சான்று, துறை நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிட்டோம். கடைசி வாரத்தில் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருப்பார்.

ஓய்வூதியக் கொடுப்பாணை மே மாதத்திலேயே வந்துவிட்டது. அந்தப் பெண்தான் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, பணிக்காலம், மனைவியின் பெயர் என்று வரி வரியாகப் பார்த்தேன். 33 வருடம் 8 மாதம் 20 நாள். 1998இன் இரண்டரை மாதம் அதில் இருந்தது.

மே 31 வெள்ளிக்கிழமை. விடுப்பு ஒப்படைப்புக்கான ஆணையும், பணிச் சான்றும், பணிப்பதிவேட்டு நகலும் மதியமே கைக்கு வந்தன. பணிச் சான்றை எதற்கு இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்று அலுவலகத் தலைவர் கேட்டார். பணிப்பதிவேடு அலுவலகத்தின் சொத்து, பத்து வருடம் கழித்து அது எந்தப் பதிவறையில், எந்த மூட்டையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, நான் எங்கே எப்போது வேலை பார்த்தேன் என்பதற்கு என் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை வாங்கிப் படித்துவிட்டு, ஏழு அலுவலகமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

வைப்பு நிதி ஜூலையில் வந்தது, விடுபட்ட மூன்று மாதம் நீங்கலாக. நான் எதிர்பார்த்ததுதான். விடுபட்ட வரவைத் தேட நேரமாகும் என்றால், இருப்பதை முதலில் கொடுத்துவிட்டு மீதியைப் பிறகு எஞ்சிய தொகையாகக் கொடுப்பார்கள். நவம்பரில் அந்த ஆணையும் வந்தது. வீட்டிலிருந்து பேருந்தில் போய், பதிவறைச் சாவி வைத்திருந்தவரைப் பார்த்துச் சொன்னேன். அலமாரி நடுத்தட்டில் இருந்து எடுத்தது எந்த மூட்டை என்று கேட்டார். 1998-99 என்றேன். பதிவறைப் பதிவேட்டை எடுத்து, அந்த மூட்டைக்கு நேரே, அழிக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதினார். அதில் இன்னும் பதினோரு பேருடைய அட்டவணை இருக்கிறது.